ஒரு பெட்டி தின்ற டேட்டாவுக்கு 35 வண்டி ஏன் இருட்டில் நிற்க வேண்டும்?

எங்கள் வண்டிகளுக்கு டிராக்கர் சிம் தரும் கம்பெனியாருக்கு,

மதுரை மாட்டுத்தாவணி பக்கம் பூவும் காய்கறியும் ஏற்றும் சின்ன லோடு வண்டிகள் வைத்திருக்கும் ஆள் நான். உங்களிடம் 36 சிம் எடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மாதம் 25 எம்பி, எல்லாம் சேர்ந்து ஒரே பூல், அதாவது 900 எம்பி. எந்த வண்டி எவ்வளவு தின்றாலும் மொத்தம் அதற்குள் இருந்தால் போதும் என்று உங்கள் ஆள் வந்து சொன்னபோது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. நாலு நாள் ஷெட்டில் நிற்கிற வண்டியின் மிச்சத்தை, நிலக்கோட்டைக்கு ரெண்டு நடை கூடப் போகிற வண்டி எடுத்துக்கொள்ளும். இப்போதும் பூல் தப்பு என்று நான் சொல்லவில்லை.

போன மாதம் 24ஆம் தேதி விடியக்காலை, மல்லிகை ஏற்றப் போன வண்டிகள் எல்லாம் மேப்பில் அப்படியே உறைந்து நின்றுவிட்டன. ஒரு வண்டி என்றால் ஒயர் கழன்றிருக்கும் எனலாம். முப்பத்தஞ்சும் ஒரே நேரத்தில் நின்றால்? சர்வர் போச்சு என்று நினைத்து சாஃப்ட்வேர்காரரைத் திட்டினேன், பாவம். பத்து மணிக்கு மேல்தான் உங்கள் கஸ்டமர் கேர் சொன்னது, பூல் தீர்ந்துவிட்டதாம்.

எப்படித் தீரும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் டிராக்கர் வண்டி ஓடும்போது 30 விநாடிக்கு ஒருமுறை இடம் அனுப்பும். போக வர, தகவலோடு ஒட்டிப் போகும் முகவரி எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 300 பைட் வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மணி நேரம் ஓடினால் 1080 தடவை, கிட்டத்தட்ட 324 கேபி. நிற்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கேன்' என்று சொல்வதற்கு இன்னொரு 18 கேபி. ஆக நாளைக்கு ஒரு வண்டிக்கு 340 கேபி சொச்சம், 35 வண்டிக்கு 12 எம்பி. மாதம் முழுக்க ஓடினாலும் 360 எம்பி தாண்டாது. பாதிக்கு மேல் மிஞ்ச வேண்டிய பூல் அது.

உங்கள் போர்ட்டலில் இருந்து சிம் வாரியான கணக்கை இறக்கினேன். அதில் வண்டி நம்பர் கிடையாது, வெறும் ஐசிசிஐடி, அதாவது சிம்மின் சொந்த எண். எல்லாமே 8991 என்று ஆரம்பிக்கிற நீள எண்கள், கடைசி சில இலக்கம்தான் மாறும். எங்கள் நோட்டில் எழுதி வைத்ததோடு ஒத்துப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. எல்லா வண்டியும் 8 எம்பி சுற்றி. ஒன்று மட்டும் 615 எம்பி.

அந்த சிம் இருந்த வண்டியை நாங்கள் அதற்கு முந்தின மாதக் கடைசியில் உசிலம்பட்டிப் பக்கம் ஒருவருக்கு விற்றுவிட்டோம். சாஃப்ட்வேரில் இருந்து வண்டியை நீக்கினோம், டேஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டியைக் கழற்ற மறந்துவிட்டோம். இது முழுக்க எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பெட்டி வழக்கம்போல சர்வரைக் கூப்பிட்டு 'நான் இன்ன நம்பர்' என்று சொல்லும், பட்டியலில் அந்த நம்பர் இல்லாததால் சர்வர் இணைப்பைத் துண்டிக்கும், பெட்டியோ நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ரெண்டு விநாடியில் மறுபடி கூப்பிடும். கதவைத் தட்டுவது, பெயர் சொல்வது, விரட்டப்படுவது எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 600 பைட். நாளைக்கு 43,200 சுற்று, அதாவது 26 எம்பி. ஒரு இடம்கூடப் பதிவாகாமல், ஓடுகிற 35 வண்டியும் சேர்ந்து தின்பதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் தின்றிருக்கிறது. மேப்பில் இல்லாத வண்டி என்பதால் எங்கள் கண்ணிலும் படவில்லை. அது 26, இவை 12, ஆக நாளைக்கு 38. 900ஐ 38ஆல் வகுத்தால் சரியாக 24ஆம் நாள் தீர்கிறது.

19ஆம் தேதி '80 சதவீதம் தீர்ந்தது' என்று மெயில் வந்தது உண்மைதான். முகூர்த்த மாதம், நடை கூடியிருக்கும் என்று விட்டுவிட்டேன். எந்த சிம் என்று அந்த மெயிலில் ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். சொல்லப்போனால் மூன்றாம் தேதியே பிடித்திருக்கலாம். மற்ற சிம் எல்லாம் நாளைக்கு அரை எம்பிகூடத் தொடாதபோது ஒன்று மட்டும் 26 என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு. பூலுக்கு ஒரு வரம்பு வைத்த நீங்கள் சிம்முக்கும் ஒன்று வைக்க வேண்டாமா? நாளைக்கு 2 எம்பி தாண்டினால் மெசேஜ், 5 தாண்டினால் அந்த ஒரு சிம்மை மட்டும் நிறுத்தி எங்களைக் கூப்பிடுவது. உங்களிடம் கணக்கு உடனுக்குடன் வராது, டிராக்கர் ஒரே இணைப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் பதிவு சில மணி நேரம் தாமதமாகத்தான் விழும் என்பது எனக்குப் புரிகிறது. 5 என்று வைத்தால் 15இல் நிற்கட்டும், பரவாயில்லை. பெட்டிக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போடும் நாளில் முன்கூட்டியே சொல்லி வரம்பைத் தளர்த்திக்கொள்கிறோம்.

உங்கள் ஆள் போனில் வேறு ஒரு யோசனை சொன்னார். பூல் தீர்ந்தால் அடியோடு நிறுத்தாமல் 64 கேபிபிஎஸ் வேகத்துக்குக் குறைக்கும் பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. எங்கள் 35 வண்டியும் அதில் தாராளமாக ஓடும், சரி. ஆனால் அந்தப் பெட்டிக்கு அது கடிவாளமே இல்லை. நாளைக்கு 26 எம்பி என்பது விநாடிக்கு 300 பைட், அதாவது 2.4 கேபிபிஎஸ்தான். 64இல் அது இன்னும் சுகமாகத் தட்டிக்கொண்டே இருக்கும். கூடுதல் எம்பிக்குக் காசு பிடிக்கும் பிளான் என்றால் தட்டத் தட்ட பில்தான் ஏறும்.

இன்னொன்று. அடைத்த நாட்களில் டிராக்கர்கள் சும்மா இருக்கவில்லை, இடங்களைத் தங்கள் நினைவில் சேர்த்துவைத்தன. ஒன்றாம் தேதி பூல் திறந்ததும் முப்பத்தஞ்சும் பாக்கியை ஒரே மூச்சில் கொட்டின. ஆறேழு நாள் பாக்கி, 70, 80 எம்பி முதல் நாளிலேயே காலி. நினைவு நிரம்பிய பெட்டிகளில் பழைய பதிவுகள் அழிந்தும் போயின. டீசல் கணக்குப் பார்க்க அந்த வாரத்து ஓட்டம் முழுசாக எங்களிடம் இல்லை.

டிராக்கர் பெட்டியையும் நீங்களேதான் விற்கிறீர்கள், அதனால் இதையும் கேட்கிறேன். சர்வர் துரத்தினால் ரெண்டு விநாடியில் திரும்பத் தட்டாமல் 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், இடைவெளி ஒரு மணி நேரம் ஆனதும் அதிலேயே நிலைக்கும்படி செய்ய முடியாதா? மணிக்கு ஒரு தட்டு என்றால் நாளைக்கு 15 கேபிகூட வராது.

உசிலம்பட்டிக்கு நானே போய் பெட்டியைக் கழற்றி வந்துவிட்டேன். வாங்கியவர், நாலு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, பேட்டரி போச்சு போல என்று புலம்பிக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டிதான் ஓயாமல் தட்டி பேட்டரியைத் தின்றிருக்கும் என்று காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெட்டி இப்போது என் மேசை மேல் இருக்கிறது. அந்த சிம்மை நிறுத்தச் சொல்லி எட்டு நாளுக்கு முன்னால் அனுப்பிய மெயிலுக்கு இதுவரை ஒரு டிக்கெட் நம்பர் மட்டும்தான் வந்திருக்கிறது. இந்த மாத பில்லும் 36 சிம்முக்கே போட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
மாட்டுத்தாவணியில் இருந்து ஒரு லோடு வண்டிக்காரன்