அண்ணா, மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டேன்

அண்ணா,

நேற்று ராத்திரி, நீ அடித்துக் கொடுத்த ரெஸ்யூமில் மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டேன். அதை என்ன செய்யப் போகிறாய் என்று நீ போனில் கேட்டபோது "பார்க்கலாம்" என்றேனே, அப்போதே முடிவு செய்திருந்தேன், உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் எதையும் வெட்டாமல்தான் முயற்சி செய்தேன். எழுத்தை 11-லிருந்து 9 ஆக்கி, ஓரத்தை அரை இன்ச்சாகக் குறைத்ததும் எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அதையே போனில் திறந்தால் விரலால் பெரிதாக்காமல் ஒரு வரி படிக்க முடியவில்லை. சரி, எழுத்தைத் தொடக்கூடாது, வரியைத்தான் எடுக்க வேண்டும் என்று பழைய அளவுக்கே போய் எண்ணினேன். மூன்றாம் பக்கத்தில் 30 வரி.

எனக்கு 11 வருஷ அனுபவம், அதற்கு இரண்டு பக்கம் போதும், இப்போதுதான் படித்து முடித்த பிள்ளைக்கு ஒன்றே போதும். கல்லூரி வேலைக்குப் போகிறவர்கள் கட்டுரை, கருத்தரங்கு என்று எல்லாவற்றையும் போட வேண்டும், அரசாங்க விண்ணப்பத்தில் அவர்கள் கேட்கிற அத்தனையும் இருக்க வேண்டும். உன் டைப்பிங் கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் அந்த வகை என்பதால் உனக்குக் கை அப்படிப் பழகிவிட்டது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மேலே இருந்த 'நோக்கம்' 3 வரி போனது, எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற பேச்சு அது. பத்தாவது, பிளஸ் டூ மார்க் போட்ட கட்டத்தில் 7 வரி இருந்தது, பி.காம்.முக்கு 2 வரி வைத்துவிட்டு 5 எடுத்தேன். அப்புறம் கடைசியில் வரும் உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து, 5 வரி.

அங்கே கை நின்றுவிட்டது. 2014, ஐப்பசி மழை, மன்னார்குடியில் கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்திக்கொண்டிருக்க, நீ ஒவ்வொரு வரிக்கும் Ctrl+S அழுத்தி அந்த உறுதிமொழியை அடித்தாய். "இது இருந்தாத்தான் மரியாதை" என்றாய். ஊரில் எல்லாரிடமும் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவன், என் தாளைப் பாலித்தீன் கவரில் போட்டு, போட்டோவுக்குப் பசை காயும்வரை ஊதிக்கொண்டே நின்றாய். அண்ணா, அந்த 5 வரியைத்தான் அழித்தேன். தனியார் கம்பெனியில் அதை யாரும் கேட்பதில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் சொந்த விவரம் 11 வரியை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, இதில் எது என் கணக்கு வேலையைச் சொல்கிறது? திருமண நிலையை மாற்றச் சொல்லி இரண்டாவது தடவை நீ போன் செய்த நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, சித்தப்பா வீட்டிலும் படிப்பார்கள். அன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, அந்த வரியை என்ன செய்யலாம் என்றுதான் கேட்டாய். இனி அப்படி ஒரு வரியே கிடையாது.

அதுவரை 24. மிச்சம் 6 வரிக்குத்தான் விடிய விடிய உட்கார்ந்தேன், ஏனென்றால் மிஞ்சியிருந்தது முதல் வேலை, அந்த அரிசி ஆலை. பில் போட்டது, கேஷ் புக், பேங்க் வேலை, டேலி என்று நீ 8 வரி எழுதியிருந்தாய். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் பார்த்த இரண்டு வேலையிலும் அதே சங்கதி திரும்ப வருகிறது. வேறெங்கும் இல்லாதது ஒன்றுதான்: அரசாங்க நெல்லை அரைத்துக் கொடுக்கும்போது 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திரும்பப் போக வேண்டும், லாரி லாரியாக வந்த எடையையும் போன எடையையும் மாதாமாதம் நான் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இப்போது கூப்பிட்டிருப்பது இருப்புக் கணக்கு வேலைக்கு. அதனால் அதை மட்டும் 2 வரியாக எழுதினேன். சம்பளக் கணக்கு வேலையாக இருந்தால் ஆலை பெயரும் வருஷமும் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

அதனால்தான் பழைய மூன்று பக்கத்தை அழிக்கவில்லை. உன் கம்ப்யூட்டரில் இருப்பதையும் அழித்துவிடாதே, அடுத்த இடத்துக்கு அதிலிருந்து வேறு வரி எடுக்க வேண்டி வரும்.

வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் நேர்முகம். முதல் பஸ்ஸுக்கு முன்னால் கடைக்கு வருகிறேன், இரண்டு பிரதி எடுத்து வை. முன்னும் பின்னும் போடாதே, தாளுக்கு ஒரு பக்கம். இரண்டாம் தாளின் மேலேயும் என் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு.