தடுப்பு வெப்பநிலையும் விடுபட்ட கடிகாரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒற்றை மூலக்கூறு காந்தங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையின் ஓரத்தில், வண்ணக் கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: “டிஸ்ப்ரோசியம் மூலக்கூறு 80 கெல்வின் வரை காந்தமாக இருக்கும், அதைத் தாண்டினால் அதன் காந்தம் அழிந்துவிடும்.” பனிக்கட்டி சுழியம் டிகிரியில் உருகுவதைச் சொல்லும் அதே உறுதியோடு இதைச் சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை நொடிக்கு இருக்கும் என்பதைக் கட்டுரையில் எங்காவது எழுதியிருப்பீர்கள் என்று இரண்டு முறை தேடிப் பார்த்தேன். கட்டுரையாளரின் புகைப்படத்துக்குக் கால் பக்கம் ஒதுக்கியபின் அதற்கு இடமில்லாமல் போயிருக்கலாம்.

தாங்கள் அறியாததல்ல, இரும்பைக் கியூரி வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால் அண்டை அணுக்கள் ஒன்றையொன்று வரிசையில் பிடித்துவைத்திருக்கும் ஒழுங்கு குலைகிறது. ஒற்றை மூலக்கூறு காந்தத்தில் அப்படிப்பட்ட ஒழுங்கே இல்லை. ஒவ்வொரு மூலக்கூறும் தனியாள். அதன் காந்தத் திருப்புத்திறன், தாங்கள் எல்லையாகச் சொன்ன அந்தத் தடுப்பு வெப்பநிலைக்கு மேலேயும் அப்படியேதான் இருக்கிறது, அழிவதில்லை. ஒரு திசையில் நிற்கும் காலம் மட்டும் குறைந்துபோகிறது. நாம் அளந்து முடிப்பதற்குள் அது திசை மாறிவிட்டால் தடுப்பு வெப்பநிலைக்கு மேலே என்கிறோம். மாறாமல் நின்றால் கீழே என்கிறோம். ஆகவே அந்த எண்ணில் பாதி மூலக்கூறுடையது, மீதி அளப்பவரின் கடிகாரத்துடையது.

இத்துறை தொடங்கிய மூலக்கூறையே எடுத்துக்கொள்ளலாம். போலந்தைச் சேர்ந்த லிஸ் 1980-ல் உருவாக்கிய மாங்கனீஸ்-12 அசிடேட்டின் காந்த நினைவை, இத்தாலியின் செசோலி, கட்டெஸ்கி குழுவினர் 1993-ல் வெளியிட்டனர். அதில் வெளி வளையத்தில் எட்டு மாங்கனீஸ் அயனிகள், ஒவ்வொன்றுக்கும் காந்தத்தின் ஊற்றான ஸ்பின் 2. உள்ளே நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஸ்பின் 3/2. உள்ளே இருப்பவை வெளியே இருப்பவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பதால், 16-இல் 6 கழிந்து மொத்த ஸ்பின் 10 ஆகிறது. வெளி வளைய அயனிகளின் பிணைப்புகள் ஏறத்தாழ ஒரே அச்சில் நீண்டிருப்பதால், ஸ்பின் அந்த அச்சில் மேலாகவோ கீழாகவோ நிற்பதையே விரும்புகிறது. இந்தக் காந்தத் திசைச்சார்புதான் இரு நிலைகளுக்கும் நடுவே தடையை எழுப்புகிறது. தடையின் உயரம், வெப்பநிலை அலகில் சொன்னால், சுமார் 62 கெல்வின். படிக அதிர்வுகளிடமிருந்து ஆற்றல் வாங்கி, மூலக்கூறு படிப்படியாக இதில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும்.

ஒரு திசையில் நிற்கும் காலமான தளர்வு நேரத்தைக் கணக்கிட, தடையை வெப்பநிலையால் வகுத்து, அதை e-யின் அடுக்காக ஏற்றி, ஒரு நொடியில் ஒரு கோடியில் இரண்டு பங்கு என்னும் அடிப்படை நேரத்தால் பெருக்கினால் போதும். 2 கெல்வினில் விடை ஏறத்தாழ இரண்டு மாதம். 3 கெல்வினில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். 4 கெல்வினில் ஒரு நொடி. இம்மூலக்கூறின் காந்தம் எந்த வெப்பநிலையில் “அழிகிறது” என்று தங்கள் வண்ணக் கட்டம் சொல்லும்? நூறு நொடி நிற்க வேண்டும் என்று கேட்பவருக்கு 3 கெல்வின் சொச்சம். ஒரு நொடி போதும் என்பவருக்கு 4. இரண்டு மாதம் கேட்பவருக்கு 2.

இது ஏட்டுக் கணக்கன்று. பணியில் இருந்த காலத்தில் ஸ்க்விட் காந்தமானியோடுதான் எனக்குப் பிழைப்பு. இதே கரும்பழுப்புப் படிகங்களை 2 கெல்வினுக்குக் குளிர்வித்து, வலுவான புலத்தில் காந்தமாக்கி, புலத்தை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலையிலும் அளவு பெரிதாக இறங்கியிருக்காது. 3 கெல்வினில் அதையே செய்தால், மீக்கடத்திச் சுருளின் புலம் சுழியத்துக்கு இறங்க எடுத்துக்கொள்ளும் சில நிமிடங்களுக்குள்ளேயே பாதிக்கு மேல் கைநழுவிப் போயிருக்கும். புதிதாக வந்த மாணவர் ஒருவர் படிகத் தூளைக் குப்பியில் தளர்வாகப் போட்டு அளந்து, புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் பின்தங்குவதைக் காட்டும் தயக்க வளையமே வரவில்லை என்று முகம் வாடி நின்றதும் நினைவிருக்கிறது. ஸ்பின் தன் அச்சைவிட்டுத் திரும்ப மறுத்ததால், புலம் துகள்களையே திருப்பிவிட்டிருந்தது. கிரீஸில் குழைத்து உறைய வைத்து அளந்ததும் வளையம் ஒழுங்காகத் திறந்தது. திசைச்சார்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தாங்கள் எழுதிய டிஸ்ப்ரோசியம் சேர்மத்துக்கு வருகிறேன். 2018-ல் வெளியான அந்த 80 கெல்வின், புலத்தை நொடிக்குச் சுமார் 25 ஓர்ஸ்டெட் வேகத்தில் மாற்றி அளந்தபோது தயக்க வளையம் திறந்திருந்த கடைசி வெப்பநிலை. இன்னும் மெதுவாக மாற்றியிருந்தால் வளையம் அதற்குக் கீழேயே மூடியிருக்கும். நூறு நொடி நிற்கும் வெப்பநிலை என்று கேட்டால், அதே சேர்மத்துக்கு விடை 65 கெல்வின்; அதாவது திரவ நைட்ரஜனின் 77-க்குக் கீழே. “நைட்ரஜனை வென்ற காந்தம்” என்ற தங்கள் தலைப்பு எந்த அளவுகோலில் உண்மை, எந்த அளவுகோலில் இல்லை என்பதை வாசகர் எப்படி அறிவார்? 2025-ல் வேறொரு டிஸ்ப்ரோசியம் சேர்மத்தில் தயக்கம் 100 கெல்வின் வரை எட்டிவிட்டது; அதற்கும் இதே வண்ணக் கட்டம் தயாராக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

கோபத்துக்கு இது ஒன்றே காரணமாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பொரு கட்டுரையில் இதே சேர்மத்தின் தடை 2,200 கெல்வின் என்று சரியாகவே எழுதிவிட்டு, “எனவே அறை வெப்பநிலையில் இயங்கும் நினைவகம் கைக்கெட்டும் தூரத்தில்” என்று முடித்தீர்கள். தட்டையான மின்முகில் கொண்ட டிஸ்ப்ரோசியத்தை மேலும் கீழும் இரண்டு கார்பன் வளையங்கள் அழுத்திப் பிடிப்பதால் தடை உயர்ந்தது உண்மை. ஆனால் அங்கே அடிப்படை நேரம் நொடியில் லட்சம் கோடியில் சில பங்குதான். அவ்வளவு வேகமாக முட்டிப் பார்க்கும் மூலக்கூறை நூறு நொடி நிறுத்திவைக்க, தடை வெப்பநிலையைப்போல் முப்பது மடங்கு இருந்தாக வேண்டும். 2,200-ஐ முப்பதால் வகுத்திருந்தாலே எழுபது சொச்சம் என்று தெரிந்திருக்கும். தடையில் ஏறாமல் குறுக்கே நழுவும் குவாண்டம் ஊடுருவலும், இரண்டு அதிர்வுகள் சேர்ந்து திருப்பிவிடும் ராமன் வழியும் அதையும் குறைக்கின்றன. அப்போதும் எழுதினேன். என் கடிதத்தின் முதல் வாக்கியத்தையும் “நன்றி”யையும் அச்சிட்டு, நடுவிலிருந்த கணக்கை மட்டும் நீக்கியிருந்தீர்கள். அதற்கு முன் வந்த தயக்க வளையப் படத்தில், புலம் மாற்றிய வேகத்தைச் சொல்லும் கீழ்வரியை அழகுக்காக வெட்டியிருந்ததையும் இவ்விடத்தில் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

நான் கேட்பது சிறிய காரியம். தடுப்பு வெப்பநிலை என்று இனி எந்த எண்ணை அச்சிட்டாலும், அது நூறு நொடிக் கணக்கா, வளையம் மூடிய கணக்கா, பின்னதாயின் புலம் எந்த வேகத்தில் மாறியது என்பதை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள். சென்ற இதழின் வாக்கியத்துக்கு அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமும் வேண்டும். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் கோபத்தைத் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். 65, 80 என்ற இரண்டு எண்களையும் அவற்றின் விளக்கத்தையும் விட்டுவைக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்