பெயர்ப் பட்டியல் முதலில், மொழிபெயர்ப்பு பிறகு: பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழிபெயர்ப்பு நூல்களை வெளியிடும் தமிழ்ப் பதிப்பகங்களின் ஆசிரியர் குழுக்களுக்கு,

வணக்கம். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. மொழிபெயர்ப்பாளர் முடித்த பிறகு, அச்சுக்குப் போகும் முன்பு, பிரதி என் மேசைக்கு வரும். அண்மையில் சார்லஸ் டார்வினின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு தமிழ்ப் பிரதி வந்தது. எந்தப் பதிப்பகம் என்பது இங்கே வேண்டாம். மூவர் பங்கிட்டு மொழிபெயர்த்திருந்தார்கள். மூவரின் தமிழும் நல்ல தமிழ். ஆனால் டார்வினின் நண்பரான நிலவியலாளர் முதல் பகுதியில் லயல், நடுப்பகுதியில் லைல், கடைசியில் லையெல். பீகிள் கப்பலின் தலைவர் ஓரிடத்தில் ஃபிட்ஸ்ராய், இன்னோரிடத்தில் பிட்ஸ்ராய். மருத்துவம் படிக்க டார்வின் 1825இல் எடின்பரோவுக்குப் போகிறார்; 1827இல் எடின்பர்க்கிலிருந்து திரும்புகிறார்! கதை தெரியாத வாசகர் இவற்றை இரண்டு ஊர்கள் என்றே எண்ணுவார்.

இதை "மெய்ப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறீர்கள். மெய்ப்பில் பார்த்துக்கொள்ள முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கணினியில் தேடி மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். தமிழில் பெயர் தனியாக நிற்பதில்லை; வேற்றுமை உருபோடு ஒட்டிக்கொள்கிறது. லைல் என்று தேடினால் லைல் மட்டுமே அகப்படும். லைலை, லைலின், லைலுக்கு என்பவை தப்பிவிடும். காரணம் எளிது. கணினிக்கு ல் என்பது லகரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள். உருபு சேரும்போது புள்ளி போய், அந்த இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது. எனவே புள்ளியை விட்டுவிட்டு லைல என்று தேடி, லயல என்று மாற்ற வேண்டும். அப்போது பின்னால் இருப்பது புள்ளியானாலும் உயிர்க்குறியானாலும் அப்படியே நிற்கும். லைலின் தானாக லயலின் ஆகிவிடும்.

இந்த உபாயம் இரண்டு வடிவங்களும் ஒரே மெய்யில் முடியும்போது மட்டுமே செல்லும். எடின்பர்க்கை எடின்பரோ ஆக்கும்போது செல்லாது. எடின்பர்க்கில் என்பது எடின்பரோவில் ஆக வேண்டும். ககரம் போய் வகர உடம்படுமெய் வர வேண்டும். அதை முன்சொன்னதுபோல் ஒரே கட்டளையில் செய்ய முடியாது. உருபேற்ற வடிவங்களைத் தனியே தேடி மாற்றி, பிறகு ஒவ்வோர் இடமாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வில் என்ற செல்லப் பெயரையெல்லாம் வில்லியம் ஆக்கிவிடலாம் என்று யாராவது "அனைத்தையும் மாற்று" பொத்தானை அழுத்தினால், எடின்பரோவில் என்பது எடின்பரோவில்லியம் ஆகிவிடும். சிரிக்கலாம், அச்சாகாத வரை.

ஔகாரம் இன்னும் மோசம். டௌன் என்று ஔகாரக் குறியோடு எழுதுவதும், டெளன் என்று ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக எழுதுவதும் பல எழுத்துருக்களில் பார்வைக்கு ஒன்றே. தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். பெயர்களில் ஔகாரத்தைத் தவிர்த்து டவுன், ஹவுஸ் என்று எழுதினால் இந்தத் தலைவலியே இல்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: முதல் அத்தியாயத்தை மொழிபெயர்க்கத் தருவதற்கு முன்பே பெயர்ப் பட்டியலைத் தந்துவிடுங்கள். அதைப் புதிதாகத் திரட்ட வேண்டியதும் இல்லை. மூலநூலின் கடைசியில் பெரும்பாலும் பெயரகராதி இருக்கும். அதை அப்படியே எடுத்து ஓர் அட்டவணையில் போட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஓர் ஆளுக்கு அல்லது ஓர் இடத்துக்கு உரியது, ஓர் எழுத்துக்கூட்டலுக்கு உரியது அல்ல. இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. டார்வின் குடும்பத்தில் எராஸ்மஸ் என்று தாத்தாவும் உண்டு, அண்ணனும் உண்டு. இருவருக்கும் தனி வரிசை இருந்தால்தான் "தாத்தா எராஸ்மஸ்", "அண்ணன் எராஸ்மஸ்" என்று பிரித்துக் காட்ட வேண்டிய இடங்கள் முன்கூட்டியே தெரியும். ஆஸ்திரேலியாவில் டார்வின் என்ற நகரம் இருக்கிறது. இவருடைய பெயரைத்தான் வைத்தார்கள். மனிதருக்கு டார்வின், ஊருக்கு தார்வின் என்று வந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். 1842 முதல் அவர் வாழ்ந்த வீடும், அந்த வீடு இருந்த கிராமமும் ஆங்கிலத்தில் இன்று ஓர் எழுத்து வேறுபாட்டோடு எழுதப்படுகின்றன. தமிழில் இரண்டும் டவுன்தான். போதாக்குறைக்கு நகரத்தையும் நாம் டவுன் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். "டவுன் கிராமத்தில் குடியேறினார்" என்ற வரியைப் படித்து நான் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். வீட்டை எப்போதும் "டவுன் இல்லம்" என்றும், ஊரை முதல் முறை "கென்ட் வட்டாரத்தில் டவுன் என்ற பெயருடைய சிற்றூர்" என்றும் குறிப்பதென முன்பே முடிவு செய்திருந்தால் குழப்பம் வந்திராது.

ஒவ்வொரு வரிசையிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல், ஆள் அல்லது இடம் யார், எது என்ற குறிப்பு, ஏற்ற தமிழ் வடிவம், விலக்கிய வடிவங்கள் ஆகியவை இருக்கட்டும். விலக்கியவற்றை எழுதிவைப்பது வீண்வேலை அல்ல; மெய்ப்பில் நான் தேட வேண்டியவை அவையே. இவற்றோடு உருபேற்ற வடிவம் ஒன்றையும் சேருங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கென்ட் என்று மூவரும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒருவர் கென்டில் என்பார், ஒருவர் கென்ட்டில் என்பார். வாலஸ் என்று முடிவு செய்தால் வாலஸுக்கு. வாலசு என்றால் வாலசுக்கு. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் கருத்து உண்டு, ஆனால் அதை இங்கே சொல்லப்போவதில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் நூல் முழுவதும் அந்தப் பக்கமே நில்லுங்கள்.

எந்த வடிவத்தை ஏற்பது என்பதில் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வழக்கில் வேரூன்றியவற்றைத் தொடாதீர்கள். ஆங்கிலேயர் டெம்ஸ் என்று ஒலித்தாலும் நமக்கு அது தேம்ஸ் நதிதான். வேரூன்றாதவற்றுக்கு ஒலிப்பைப் பாருங்கள், எழுத்தைப் பார்க்காதீர்கள். கிரீன்விச் அல்ல, கிரெனிச். ஒலிப்பே இரண்டாக இருக்கும் ஊர்களும் உண்டு. டார்வின் பிறந்த ஊரை ஷ்ரூஸ்பரி என்பாரும் உண்டு, ஷ்ரோஸ்பரி என்பாரும் உண்டு. அங்கே விவாதித்துப் பயனில்லை. ஒன்றை எடுத்துப் பட்டியலில் எழுதிவிட வேண்டும்.

எழுதுகிறவர் ஒருவராக இருக்க வேண்டும். மூன்று மொழிபெயர்ப்பாளர்களும் ஆளுக்கொரு பிரதியில் திருத்திக்கொண்டிருந்தால் மூன்று பட்டியல்கள்தான் மிஞ்சும். புதிய பெயர் தட்டுப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் தன் பரிந்துரையை அனுப்பட்டும். பதிப்பாசிரியர் முடிவு செய்து தேதியிட்டுப் பட்டியலில் ஏற்றட்டும். பிரதி மெய்ப்புக்கு வரும்போது அந்தப் பட்டியலையும் கூடவே அனுப்புங்கள். பட்டியல் இல்லாமல் வரும் பிரதியை இனி திருப்பி அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்