தவணை தொடங்கும் நாளில் கடன் எவ்வளவு இருக்கும் என்று முதலிலேயே சொல்லுங்கள்

கடலூர் வங்கிக் கிளைகளில் கல்விக் கடன் பார்க்கும் மேலாளர்களுக்கு,

வணக்கம். மகளை இரண்டு வருட மேல்படிப்புக்குக் கனடா அனுப்ப 20 லட்சம் கடன் வாங்கிய மஞ்சக்குப்பத்துக்காரன் எழுதுகிறேன். கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டியதால் சொத்து ஈடு கேட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தையும் பதிந்து கொடுத்தேன்.

கையெழுத்து போடும்போது ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம் சார்." நானும் மொரட்டோரியம் என்றால் வட்டியும் நிற்கும் என்றே நினைத்துவிட்டேன். கட்டத்தான் வேண்டாம், வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது.

என் கணக்கையே பாருங்கள். வட்டி 10 சதவீதம். முதல் வருடத் தொடக்கத்தில் 10 லட்சம் போனது, அதற்கு மூன்று வருட தனிவட்டி 3 லட்சம். இரண்டாம் வருடம் இன்னொரு 10 லட்சம், அதற்கு இரண்டு வருடத்துக்கு 2 லட்சம். மொரட்டோரியம் முடிந்த அன்று இந்த 5 லட்சமும் அசலோடு சேர்ந்து கடன் 25 லட்சமாகிவிட்டது. பத்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 33,000. "அப்பா, நாம 20தானே வாங்கினோம்?" என்று மகள் போனில் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டியிருந்தால், முதல் வருடம் சுமார் 8,300, அதன்பின் 16,700 என்று போயிருக்கும், தவணையும் 26,400-இல் நின்றிருக்கும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கிற வங்கிகளும் உண்டு. முழுதாக முடியாவிட்டாலும் மாதம் ஐயாயிரமாவது கட்டியிருப்பேன், யாரும் சொல்லவில்லை!

இன்னொன்று. படிப்பு முடியும் தேதி, கடன் ஒப்புதலின்போது நீங்கள் பதிந்ததுதான். மகளுக்கு ஆய்வறிக்கை ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது, ஆனால் தவணை பழைய தேதிப்படியே தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகக் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால் காலநீட்டிப்பு கேட்கலாம் என்பது, கணக்கில் பணமில்லாமல் முதல் தவணை திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் என்ன, இணைக் கடனாளி என்பதால் மகளுக்கு மட்டுமல்ல, எனக்கும் சிபில் மதிப்பெண் இறங்கியது.

ஒப்புதல் கடிதத்தோடு தமிழில் ஒரு தாள் கொடுங்கள். தவணை தொடங்கும் தேதி, அன்றைக்கு மொத்தக் கடன் எவ்வளவு, வட்டியை இடையில் கட்டினால் எவ்வளவு, இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். கணக்கு உங்கள் கணினியிலேயே இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே அதை எங்கள் கையில் கொடுங்கள்.