நீலக்கல் வாங்க வரும் உனக்கு

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். இங்கே சாரல் நின்றபாடில்லை, கால்மூட்டு வேறு பேசத் தொடங்கிவிட்டது. பட்டறையில் அரை நாள்தான் உட்காருகிறேன்.

அடுத்த மாதம் கன்னியாகுமரி வரும்போது கடற்கரைக் கடைகளில் வான்நீல டர்க்காய்ஸ் கல் மாலையும் கருநீல லாபிஸ் கல் பதக்கமும் வாங்க வேண்டும் என்று தங்கச்சி சொன்னதாக எழுதியிருந்தாய். வடசேரிக் கோயில் நகைக்குச் சிவப்பும் பச்சையும்தான் எங்கள் கல், நீலம் எப்போதாவதுதான் கைக்கு வரும். ஆனால் போன வாரம் என் மருமகள் கன்னியாகுமரியில் வாங்கிய ஒரு டர்க்காய்ஸ் மாலை நூல் அறுந்து என்னிடம் வந்தது. கடைக்காரர் 'நேச்சுரல், ஒரிஜினல்' என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

எட்டு மில்லிமீட்டர் மணி, நாற்பது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். எல்லா மணியிலும் ஒரே கனத்தில் கறுப்புக் கோடு. நிஜக் கல்லில் அந்தக் கோடு தாய்ப்பாறையின் மிச்சம், பல இடங்களில் நீலத்தைவிடச் சற்றுப் பள்ளமாக இருக்கும், நகம் அங்கே லேசாக இடறும். இதில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. சரி, நிறுத்துப் பார்ப்போம் என்று நாற்பதையும் தராசில் வைத்தேன், 22.4 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டபோது 12. அதாவது எடையில் 10.4 குறைந்துவிட்டது. முதல் எடையை அதால் வகுத்தால் ஏறக்குறைய 2.15, தண்ணீரைப்போல் அத்தனை மடங்கு கனம். நல்ல டர்க்காய்ஸ் 2.6க்கு மேல் நிற்கும். இவ்வளவு இறங்கினால் உள்ளே பிசின் ஏராளம். கோட்டையும் சேர்த்துப் பார்த்தால், பொடியைப் பிசினில் குழைத்துக் கட்டியாக்கி அறுத்த மணி என்பதுதான் என் முடிவு. அந்தப் பொடி முழுக்க டர்க்காய்ஸ்தானா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

பிசின் என்றதும் எல்லாமே மோசடி என்று நினைத்துவிடாதே. டர்க்காய்ஸ் நுண்துளை நிறைந்த கல். வெட்டியெடுத்த மென்கல்லுக்குள் அழுத்தம் கொடுத்துப் பிசின் ஏற்றினால் அது ஸ்டெபிலைஸ்டு. கல் முழுசாகக் கல்தான், இறுகியிருக்கும், அவ்வளவே. நம்ம ஊர் வியர்வைக்கும் நல்லெண்ணெய்க்கும் அதுதான் தாங்கும், ஒன்றும் ஏற்றாத கல் எண்ணெயைக் குடித்துப் பச்சையாக மாறிவிடும். நானே வாங்கினால் ஸ்டெபிலைஸ்டுதான் வாங்குவேன், அந்த விலைக்கு. பொடிக்கட்டியை அதே பெயரில் விற்பதுதான் தப்பு.

அதனால் 'ஒரிஜினலா?' என்று கேட்காதே. அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் எந்தக் கடையிலும் கிடையாது. 'நேச்சுரலா?' என்றாலும் பொடி இயற்கைதானே, அவர் பொய் சொன்னதாகாது. இப்படிக் கேள்: "அண்ணாச்சி, இது வெட்டிய கல்லா, பொடியைக் கட்டினதா?" அப்புறம், "பிசின் ஏத்தியிருக்கா, கலர் ஏத்தியிருக்கா?" என்று இரண்டையும் தனித்தனியாக. பதில் வந்ததும், "அதையே பில்லில எழுதித் தாங்களேன்." தெரிந்து விற்பவர் 'ஸ்டெபிலைஸ்டு, கலர் போடல' என்று சட்டென்று எழுதுவார். 'எல்லாம் ஒரே மாதிரிதான்' என்று மழுப்பினால் மாலையைத் திரும்ப வைத்துவிடு.

லாபிஸில் முக்கியச் சங்கதி சாயம்தான். அது பல கனிமம் சேர்ந்த பாறை; நீலத்துக்கு நடுவே வெள்ளைக் கால்சைட்டு திட்டுத்திட்டாக வரும், அதை மறைக்கத்தான் நீலம் ஊட்டி மேலே மெழுகு பூசுவார்கள். மணியின் துளை வாயில் லென்ஸ் வைத்துப் பார், சாயம் அங்கே குழம்பித் தேங்கியிருக்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் பதக்கத்தின் பின்புறம் ஒரு மூலையைத் துடைத்துக் காட்டச் சொல். கடைக்காரரே துடைக்கட்டும், நீ கை வைத்தால் மினுக்கம் போச்சு என்று வம்பு வரும். நகப்பூச்சு நீக்கியை எடுத்துப் போகாதே, பலவற்றில் அசிட்டோனே இருப்பதில்லை. பஞ்சு நீலமானால் சாயம். நீலமாகாவிட்டால் சாயமில்லை என்று அர்த்தமில்லை, மேலே பிசின் மூடியிருந்தால் வெளியே வராது. சூடான ஊசி வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, கல்லில் வடு விழும்.

பெரிய தொகை என்றால் பில்லோடு ரத்தினப் பரிசோதனைக் கூட அறிக்கையும் கேள். டர்க்காய்ஸில் பிசினே இல்லாமல் மின்வேதியியலால் செய்யும் ஒரு வேலை உண்டு, அது லென்ஸுக்கும் பஞ்சுக்கும் பிடிபடாது.

வரும் தேதியை முன்கூட்டியே எழுது. மட்டிக்குலை ஒன்று பழுக்கப் போட்டு வைக்கிறேன். மருமகள் மாலையையும் கோத்துவிட்டேன். நிறம் அழகாகத்தான் இருக்கிறது, அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்
வடசேரி