பொருள்: கல்விச் சுற்றுலா ஒப்புதல் படிவத்தில் சொன்னதும் நடந்ததும்

அனுப்புநர்:
8-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், மதுரை

பெறுநர்:
மேலாளர், பள்ளிச் சுற்றுலாப் பிரிவு

ஐயா,

சென்ற மாதம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் 46 பேரைத் தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், பிச்சாவரம் என்று இரண்டு நாள் அழைத்துப் போனது உங்கள் நிறுவனம்தான். பள்ளி வழியாக நீங்கள் அனுப்பிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ரூ.4,200 கட்டினேன். பள்ளியிடம் தனியாகப் பேசிவிட்டேன். படிவத்தை அச்சடித்தது நீங்கள் என்பதால் இந்தக் கடிதம் உங்களுக்கு.

என் மகளுக்கு வீசிங் உண்டு. படிவத்தில் ‘உடல்நலக் குறைபாடு ஏதேனும்’ என்று விரல் அகலத்துக்கு ஒரு கோடு விட்டிருந்தீர்கள். அதில் பொடி எழுத்தில் “வீசிங், தூசி ஆகாது, இன்ஹேலர் பையில் இருக்கிறது, இரண்டு பஃப்” என்று எழுதி, என் கைப்பேசி எண்ணையும் போட்டேன். முதல் நாள் இரவு தஞ்சாவூர் லாட்ஜில் பழைய கம்பளியைப் போர்த்தியதும் அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பெரிய பைகளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் ஆட்கள் பஸ் டிக்கியிலேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள். இன்ஹேலர் அதற்குள். சாவி டிரைவரிடம், டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். கூட இருந்த டீச்சருக்கு இவளுக்கு வீசிங் இருப்பதே தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து அறைப் பிள்ளை ஒன்றிடம் அதே இன்ஹேலர் இருந்ததால் அன்று தப்பித்தோம்.

மறுநாள் உங்கள் ஒருங்கிணைப்பாளரைப் போனில் கேட்டேன், நான் எழுதிக் கொடுத்த படிவம் எங்கே என்று. “ஆபீஸ் ஃபைல்ல பத்திரமா இருக்கு மேடம்” என்றார். பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது, மதுரையில், 190 கிலோமீட்டர் தள்ளி. படிவத்தின் கடைசி வரிக்காக மட்டும் அதைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. “எந்த அசம்பாவிதத்துக்கும் நிறுவனம் பொறுப்பேற்காது” என்ற அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. கவனக்குறைவுக்கான பொறுப்பை இப்படி ஒரு வரியில் கழற்றிவிட முடியாது என்பது உங்கள் வக்கீலுக்கே தெரியும்.

அடுத்தது திரும்பி வந்த விதம். ‘இரண்டாம் நாள் இரவு 9 மணிக்குள் பள்ளி வாசல்’ என்று போட்டிருந்தீர்கள். பிச்சாவரத்தில் படகுக்குக் காத்திருந்து கிளம்பும்போதே மாலை ஐந்தரை. அங்கிருந்து மதுரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒன்பதுக்குள் வர முடியாது என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். எங்களில் ஒருவருக்கும் தகவல் இல்லை. பஸ் வந்தது இரவு 1.40-க்கு. காலை ஐந்து மணிக்குத் தஞ்சாவூரில் வண்டியை எடுத்த அதே டிரைவர்தான் அப்போதும் ஓட்டி வந்தார், மாற்று ஆள் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்திருந்த வேலை நேரமே நாளொன்றுக்கு 8 மணிதான். 2022 அக்டோபரில் கேரளத்தின் வடக்கஞ்சேரியில் ஊட்டிக்குப் போன பள்ளிச் சுற்றுலா பஸ், அரசு பஸ்ஸின் பின்னால் மோதியதும் நள்ளிரவை ஒட்டித்தான். மாணவர்கள் 5 பேர் உட்பட 9 பேர் இறந்தார்கள். அன்று வாசலில் நின்ற பெற்றோர் ஒவ்வொருவர் நினைப்பிலும் அதுதான் ஓடியது. நான் சம்மதித்தது ஒன்பது மணிக்கு முடியும் பயணத்துக்கு.

பணம் சின்ன விஷயம், ஆனாலும் சொல்கிறேன். ‘அனைத்தும் உட்பட’ என்றுவிட்டு, படகுத்துறையில் பிள்ளைகளிடம் தலைக்கு ரூ.250 கேட்டிருக்கிறீர்கள். கையில் காசில்லாத நான்கு பேர் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். படிவத்தில் நான்கு ஆசிரியர்கள், அதில் இருவர் பெண்கள் என்றிருந்தது. வந்தது இருவர், பெண் ஒரே ஒருவர். மாற்றத்தைச் சொல்லியிருந்தால் நான் அனுப்பியிருக்கவே மாட்டேன்.

எனக்கு வேண்டியது இவை. ரூ.250-ஐ 42 பிள்ளைகளுக்கும் திருப்பிக் கொடுங்கள். ரூ.4,200-க்குப் பஸ், தங்குமிடம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் என்று பிரித்து ரசீது கொடுங்கள். இனி அனுப்பும் படிவத்தில் பஸ்ஸின் பதிவு எண்ணைப் போடுங்கள், தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் நாங்களே எம்-பரிவாகன் செயலியில் பார்த்துக்கொள்வோம். மருந்து விவரத்தைத் தனித்தாளில் வாங்கி, அந்தத் தாளைப் பஸ்ஸில் வரும் டீச்சர் கையில் கொடுங்கள். மருந்து பிள்ளையின் கைப்பையில் இருக்கட்டும். நேரமோ ஆளோ மாறினால் கிளம்புவதற்கு முன் எங்களுக்குச் சொல்லி, மறுபடி சம்மதம் வாங்குங்கள்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். என்னோடு இன்னும் பதினோரு பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்

இணைப்பு: ஒப்புதல் படிவ நகல், பணம் கட்டிய ரசீது, பெற்றோர் கையெழுத்துகள்