காலி சிலிண்டர், கிரேட் கணக்கு: திங்கள் முதல் சீட்டு எழுதும் முறை

வண்டி ஓட்டும் தம்பிகளுக்கும் ஸ்டோரில் இருப்பவர்களுக்கும். நேற்று இரவு எண்ணிப் பார்த்தபோது ஸ்டோரில் நிரம்பியது 22, காலி 17, சீட்டுப்படி கடைகளில் 40. கூட்டினால் 79. நம்மிடம் இருப்பதோ 80 சிலிண்டர்.

பழைய சீட்டுகளைப் புரட்டினேன். சனிக்கிழமை கேலாங் பக்கம் ஒரு காப்பிக்கடைக்கு இரண்டு நிரம்பியது இறக்கி, அவசரத்தில் ஒரு காலிதான் ஏற்றியிருக்கிறோம், சீட்டில் மட்டும் "மாற்று 2". அந்தக் கடை 3 சிலிண்டருக்கு 150 வெள்ளி டெபாசிட் கட்டியிருக்கிறது, இப்போது கையில் 4 இருக்கிறது. நாளைக்கே கடையை மூடினால் மூன்றை எடுத்துக்கொண்டு 150 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்போம், நாலாவது போனது போனதுதான்.

அதனால் "மாற்று" என்று இனி எழுத வேண்டாம். "கொடுத்தது", "எடுத்தது" என்று இரண்டு எண், கடைக்காரர் கையெழுத்து. கூடுதலாக ஒன்று விட்டால் அன்றே டெபாசிட் வாங்குங்கள், இல்லை "கடன் 1" என்று எழுதுங்கள். வேறு கம்பெனி சிலிண்டரை எடுத்து வராதீர்கள், நிரப்பும் இடத்தில் வாங்க மாட்டார்கள் (போன மாதம் ஒன்று வந்து இன்னும் மூலையில் கிடக்கிறது).

பாட்டில் கிரேட்டும் அப்படித்தான், கிரேட் தனி, பாட்டில் தனி. 24 பாட்டில் கிரேட்டில் 19 இருந்தால் "கிரேட் 1, பாட்டில் 19" என்று எழுதி, குறைந்த ஐந்துக்கு டெபாசிட்டில் கழித்துக்கொள்வோம். வாய் உடைந்த பாட்டில் கணக்கில் சேராது, கடையிலேயே காட்டிவிடுங்கள்.

கேலாங் கடையில் நான் பேசிவிட்டேன், நாளை காலை அந்தப் பக்கம் போகிறவர் காலியை ஏற்றி வரவும்.